பருக்குழிக்கு மைக்ரோநீட்லிங்கா, சப்சிஷனா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சி நாலு தடவை மைக்ரோநீட்லிங் செய்தாள். ஆழமில்லாத, பெட்டிபோல ஓரம் வெட்டிய குழிகள் மெல்லச் சமமாகின, ஆனால் கன்னத்தின் அகலமான பள்ளம் அப்படியே இருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அவள் சிரிக்கும்போது அது இன்னும் உள்ளே இழுபட்டது, அப்போதுதான் விஷயம் விளங்கியது: தழும்பு நார்கள் தோலைக் கீழே கட்டிப் பிடித்திருந்தன. மைக்ரோநீட்லிங் ஊசி 1.5, 2 மில்லிமீற்றர் இறங்கிப் புதிய கொலாஜனைத் தூண்டும், அந்தக் கட்டை அறுக்காது. சப்சிஷன் அதைத்தான் செய்கிறது. மரக்க ஊசி போட்டு, தோலுக்கடியில் ஊசியை நுழைத்து நாரை அறுப்பார்கள், பிறகு ஒன்றிரண்டு வாரம் கன்றிப்போய் வீங்கியிருக்கும், ஒரே தடவையில் முடிவதும் அரிது. அவளுடைய பள்ளம் பாதியளவு உயர்ந்தது, முழுதாக மறையவில்லை.

சரி, இரசாயனம் பூசித் தோலின் மேற்படையை உரிக்கும் பீல்? மேல் கறுப்புக்கு உதவும், குழியைப் பெரிதாக நிரப்பாது. நம் நிறத்துக்குக் கடுமையான பீல் செய்துவிட்டுக் கொழும்பு வெயிலில் திரிந்தால் புதுக் கறுப்பு வரும். ஆழமாக, செங்குத்து ஓரத்தோடு இருக்கும் குழிக்கு இவை மூன்றும் போதாது, பஞ்ச் முறையில் வெட்டித் தைப்பது பற்றித் தோல் வைத்தியரிடம் கேளுங்கள்.