இடைவெளித் திறப்பு: முன்திறப்பில் விற்பதா, 9.30 வரை பொறுப்பதா?

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து வணிகம் செய்யும் ஒருவர், 500 ரூபாயில் வாங்கிய 100 பங்குகளுக்கு விலை 485-க்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸ் ஆணை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாலையில் சந்தை முடிந்தபின் நிறுவனத்தின் மோசமான காலாண்டு முடிவு வெளியாகிறது. மறுநாள் வழக்கமான வணிகம் தொடங்குமுன் ஆணைகளைத் திரட்டும் முன்திறப்பில் தோராய விலை 470 எனக் காட்டுகிறது. முந்தைய நாள் விலையிலிருந்து இப்படித் தாவித் திறப்பதே இடைவெளித் திறப்பு. ஸ்டாப்லாஸ் ஆணையை முன்திறப்பு ஏற்காது. விலையும் 485-ஐத் தொடாமலே 470-க்குத் தாவிவிட்டதால், 1,500 ரூபாய் என்று கணக்கிட்ட நட்டம் 3,000 ஆகிறது.

முன்திறப்பிலேயே விற்றால், மிக அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரே சமநிலை விலை கிடைக்கும். ஆனால் 9.01-இல் தெரியும் விலையை நம்பலாகாது, ஏனெனில் ஆணைகளை அப்போது திரும்பப் பெற முடியும், 9.06-ஐ ஒட்டிய விலையே ஓரளவு மெய்யானது, 9.07-க்குப் பின்னோ ஆணைப்பதிவு எந்த நொடியிலும் மூடப்படலாம்.

9.30 வரை பொறுப்பவர், முதல் பதினைந்து நிமிடத்தின் அடிவிலையைப் புதிய ஸ்டாப்லாஸாகக் கொள்வார். அயல்நாட்டுச் சந்தைகளின் சரிவால் எல்லாப் பங்குகளும் சேர்ந்து இறங்கிய நாளுக்கு இது பொருந்தும். வாங்கிய காரணத்தையே செய்தி முறித்துவிட்ட மேற்கண்ட நிலையில், முன்திறப்பு விற்பனையையே நான் தேர்வேன்.