ஒரு துடிப்பு தவறுவதும் தாளமே குலைவதும்

இரவில் படுத்ததும் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது 'திடும்' என்று இடிக்கிறதா? பெரும்பாலும் அது முந்திக்கொண்டு வந்த ஒரு துடிப்பு. அதன்பின் சிறு இடைவெளி விழுவதால் இதயத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்புகிறது. அடுத்த துடிப்பு பலமாகத் தெரிகிறது. காபி, தூக்கமின்மை, மன அழுத்தம், மது, சில சளி மாத்திரைகள் இதைத் தூண்டலாம். எழுந்து நடந்தால் பலருக்கு அடங்கிவிடும். எப்போதாவது வந்துபோனால், வேறு தொல்லையும் இல்லையென்றால், மாலைக் காபியை நிறுத்திப் பார்க்கலாம்.

தாளமே குலைவது வேறு மாதிரி. மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒழுங்கான தாளத்தில் நடுவே ஒன்று மட்டும் தவறினால் முதல் வகை. தாளமே பிடிபடாமல் தாறுமாறாக ஓடினால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். பக்கவாத அபாயம் உள்ளதால் ஈசிஜி அவசியம். திடீரென வேகமெடுத்து நிமிடக்கணக்கில் நீடித்தாலும், நடக்கும்போது அதிகரித்தாலும், ஏற்கெனவே இதய நோய் இருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் ஈசிஜி எடுத்தாக வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவு.

ஒரு சிக்கல்: ஈசிஜி எடுக்கும் சில நொடிகளில் படபடப்பு வராவிட்டால் அந்தப் பதிவு இயல்பாகவே இருக்கலாம். அப்போது, உடலில் மாட்டிக்கொண்டே இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவைக் கேளுங்கள்.