முகப்படம் மட்டும் இருக்கும்போது லோரா பயிற்சி: ராங்க் எவ்வளவு, ரெக் படங்கள் எப்படி

கிளிநொச்சியில் ஸ்டூடியோ வேலை. இறந்தவர் நினைவாக அச்சிடுகிற கல்வெட்டுப் புத்தகத்துக்கும் ஆட்டைத் திவசத்துக்கும் படம் செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு அடையாள அட்டைப் படம், யாருடையவோ கல்யாண வீட்டுப் படத்தில் ஓரமாக நிற்கிற முகம், வெளிநாட்டுச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்றிரண்டு. இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட்டன, மிஞ்சினது இவ்வளவுதான். ஆனால் கேட்பது, "அம்மா கதிரையில இருக்கிற மாதிரி ஒரு முழுப்படம்." குடும்பமே கேட்டு, வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் மட்டும் இதைச் செய்கிறேன். வசனத்திலிருந்து படம் போடுகிற எஸ்டிஎக்ஸ்எல் மாடலுக்கு மேல், sd-scripts என்ற பயிற்சி நிரல்களை வைத்து, ஒரு ஆளின் முகத்தைக் கற்பிக்கிற சின்னச் சேர்க்கைக் கோப்பான லோராவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், 12 ஜிபி 3060 கார்ட் போதும். நீண்ட நாளாக இதே வேலைக்கு இதையே பாவிப்பதால், முகம் பிடிபட்டு உடம்பு கெட்டுப்போகிற அந்த ஒரு பிரச்சினையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கெட்டுப்போவது எப்படி என்று முதலில் சொல்கிறேன். கையில் இருக்கிற படங்கள் எல்லாம் தோளுக்கு மேல் என்றால், பயிற்சிக்கு "இந்த ஆள்" வேறு, "சட்டத்தை நிறைத்து நிற்கிற தலை" வேறு என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே, பயிற்சியில் அந்த ஆளுக்கு வைத்த பெயருக்குள் போட்டுவிடும். பிறகு முழுப்படம் கேட்டால் தலை பெரிதாகவும் தோள் ஒடுங்கியும் வரும், கழுத்து காணாமல் போகும், மடியில் வைத்த கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அடிப்படை மாடல் தனியே ஒழுங்காகப் போடுகிற உடம்புதான் அது, லோரா போட்டதும் மறந்துபோகிறது.

ராங்க் என்பது லோராவுக்குக் கொடுக்கிற இடத்தின் அளவு. 128 கொடுத்தால் முகத்தோடு சேர்த்து அடையாள அட்டையின் வெள்ளைப் பின்னணி, பிளாஷ் வெளிச்சம், வெட்டின எல்லை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய அதற்கு இடமுண்டு. 16 என்றால் இடம் குறைவு, எல்லாப் படங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற மாற்றத்துக்குத்தான் முதலிடம் போகும், அது பெரும்பாலும் முகம். ஒரு மனித முகத்துக்கு 16 போதும் என்பது என் அனுபவம், மிக வயதான, சுருக்கங்கள் ஆழமான முகமென்றால் 32 வரை போவேன். அதற்கு மேல் போய் நான் ஒரு நன்மையும் காணவில்லை. ஆனால் ராங்கைக் குறைத்துவிட்டு நீண்ட நேரம் ஓடவிட்டால் 8 கூடப் படங்களை மனப்பாடம் செய்யும், ராங்க் மட்டும் காப்பாற்றாது.

ராங்குகளை ஒப்பிடுகிறவர்கள் அல்பாவை மறக்கக் கூடாது. லோராவின் மாற்றம் அல்பாவை ராங்கால் வகுத்த அளவில்தான் மாடலில் சேரும். sd-scripts-இல் ஒன்றும் சொல்லாவிட்டால் அல்பா 1. அப்படியே விட்டு 8-ஐயும் 128-ஐயும் ஒப்பிட்டால் ஒன்று எட்டில் ஒரு பங்கு, மற்றது 128-இல் ஒரு பங்கு, "ராங்க் கூட்டினால் முகம் பிடிக்கிறதில்லை" என்று பிழையாக முடிவெடுக்க வேண்டிவரும். நான் எப்போதும் ராங்கின் பாதியை அல்பாவாக வைக்கிறேன்.

சரி, ரெக், அதாவது ரெகுலரைசேஷன் படங்கள். உடம்பைக் காப்பாற்றுவது உண்மையில் இவைதான். 2022-இல் வந்த டிரீம்பூத் ஆய்வின் யோசனை இது: ஆளின் படங்களோடு, அதே வகையைச் சேர்ந்த பொதுப் படங்களையும் சேர்த்துக் காட்டினால், மாடல் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை விட்டு விலகாது. அந்தப் பொதுப் படங்களை அதே அடிப்படை மாடலாலேயே உருவாக்க வேண்டும். இணையத்தில் எடுத்த நிஜப் படங்களைப் போட்டால் அது நினைவூட்டல் இல்லை, புதுப் பயிற்சி, அந்தப் படங்களின் நிறமும் கமராவும் உங்கள் ஆளின் மேல் ஏறும்.

அண்மையில் செய்த ஒரு அம்மாவின் படத்தையே எடுக்கிறேன். 18 படங்கள், இரண்டில் மட்டும் இடுப்பு வரை தெரிகிறது. ஒவ்வொன்றும் 10 தரம் என்றால் 180, ஆகவே ரெக் படங்களும் 180. குறைந்தால் இருப்பதையே திருப்பித் திருப்பிக் காட்டும், கூடினால் மிச்சம் பாவிக்கப்படாது. வெறும் "woman" என்று உருவாக்கினால் மாடல் இளம்பெண்களின் முகப்படங்களாகத்தான் தள்ளும், நம்மிடம் குறைவதோ கதிரையில் இருக்கிற உடம்பு. அதனால் முக்கால்வாசியைக் கதிரையிலும் திண்ணையிலும் இருக்கிற, நிற்கிற, மடியில் கை வைத்த, சேலை உடுத்த வயதான பெண்களாக உருவாக்கி, மிச்சத்தை எல்லா வயதுப் பெண்களாக விட்டேன். விரல் பிழையாக வந்தவற்றைக் கண்ணால் பார்த்து நீக்கினேன், இதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும், ஆனால் தவிர்க்க முடியாது, ரெக் படத்தில் ஆறு விரல் இருந்தால் ஆறு விரலைத்தான் நினைவூட்டுகிறோம். உருவாக்கிய வசனத்தையே ஒவ்வொரு ரெக் படத்துக்கும் பக்கத்தில் .txt ஆக வைத்தேன்.

```toml
[[datasets]]
resolution = 1024
batch_size = 1
caption_extension = ".txt"

  [[datasets.subsets]]
  image_dir = "/padam/amma"
  num_repeats = 10

  [[datasets.subsets]]
  is_reg = true
  image_dir = "/padam/reg"
  num_repeats = 1
```

```
--network_dim=16 --network_alpha=8
--network_train_unet_only --prior_loss_weight=0.6
```

கடைசியில் இருக்கிற 0.6 முக்கியம், ரெக் படங்களுக்குப் பயிற்சியில் கொடுக்கிற எடை அது. வழக்கமாக அது 1. ரெக் படங்களில் பாதிக்கு மேல் வயதான பெண்கள் என்பதால் 1-இல் விட்டபோது அம்மாவின் மூக்கு மெல்ல மெல்ல எல்லோருடைய மூக்காக மாறியது, மகள் பார்த்து "அம்மாட சாயல் இருக்கு அண்ணை, ஆனா அம்மா இல்லை" என்றார். 0.6-இல் முகம் திரும்பி வந்தது, தோளும் கெடவில்லை. இன்னும் கீழே இறக்கினால் தலை மறுபடி பெருக்கத் தொடங்கும்.

சோதிப்பதற்கு, பயிற்சியில் அந்த ஆளுக்கு வைத்த பெயரே இல்லாமல் படம் கேளுங்கள். லோராவைப் போட்டு, படம் தொடங்குகிற சீட் எண்ணை மாற்றாமல் வைத்து, கதிரையில் இருக்கிற ஒரு பெண் என்று மட்டும் கேட்டு, லோரா இல்லாத படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் கன்னம் வரத் தொடங்கினால் பயிற்சி அளவு மீறிவிட்டது. ஒவ்வொரு இபொக்கையும், அதாவது பயிற்சியின் ஒவ்வொரு சுற்றையும், சேமித்து வைத்திருந்தால் முந்தினதுக்குப் போகலாம். பெயரோடு கேட்கிற படங்களை மட்டும் பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள் எப்போதும் பிந்தின இபொக்கைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் முகம் அதில்தான் கூடுதலாக ஒத்திருக்கும், உடம்பு அதற்குள் போயிருக்கும்.

ஏற்கெனவே 64-இல் பயிற்சி செய்த கோப்பு இருந்தால் தூக்கி எறியத் தேவையில்லை. networks/resize_lora.py அதைச் சின்ன ராங்குக்குச் சுருக்கித் தரும், --verbose போட்டால் அடுக்கு அடுக்காக எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் காட்டும். 16-க்குச் சுருக்கியும் பெரும்பங்கு மிஞ்சினால் 64 தேவைப்படவில்லை என்று அர்த்தம். ஆனால் கெட்டுப்போன உடம்பைச் சுருக்கல் திருத்தாது.

இவ்வளவு செய்தும் கைகள் அந்த அம்மாவின் கைகள் இல்லை. படங்களில் கையே இல்லாதபோது மாடல் பொதுவான ஒரு கையைத்தான் போடும். வேலைக்கு முன்பே குடும்பத்திடம் இதைச் சொல்லிவிடுகிறேன். வயலில் வேலை செய்த கை, ஒரு விரல் மடங்காது என்று மகள் சொன்னார், அதனால் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துப் படத்தை முடித்தோம், கல்வெட்டில் படத்தின் கீழே இது கணினியில் உருவாக்கியது என்று ஒரு வரியும் போட்டோம். அப்பாவையும் பக்கத்தில் இருத்திக் கேட்கிறவர்களுக்கு, இரண்டு லோராவையும் ஒன்றாகப் போட்டால் இருவர் முகமும் கலந்துவிடும். தனித்தனியே உருவாக்கி, பிறகு ஒன்றாக ஒட்டுவதுதான் எனக்குச் சரிவருகிறது.