டைட்டில் நகர்வுக்கு லீனியரா, ஈஸா?

தேவனாம்பட்டினம் மாசி மகம் வீடியோ ஒன்றுக்கு டைட்டில் போடுவதாக வைத்துக்கொள்வோம். “தேவனாம்பட்டினம் மாசி மகம்” என்ற எழுத்து இடது ஓரத்துக்கு வெளியிலிருந்து நுழைந்து திரையின் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதற்கு இரண்டு கீஃபிரேம் போதும். தொடக்கத்தில் எங்கே, முடிவில் எங்கே என்று நாம் சொல்லிவிட்டால், இடைப்பட்ட ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்பதை மென்பொருளே கணக்கிட்டு நிரப்பும். அந்த நிரப்பலுக்குத்தான் இன்டர்போலேஷன் என்று பெயர். ஒரே வேகத்தில் ஓடும் லீனியர், மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும் ஈஸ் இரண்டில் எதைக் கொண்டு நிரப்புவது என்பதே கேள்வி. டைட்டிலுக்கு என் தேர்வு ஈஸ்தான்.

கணக்கைப் பார்ப்போம். திரை 1920 பிக்சல் அகலம், வினாடிக்கு 25 ஃபிரேம். எழுத்தின் அகலம் 1000 பிக்சல், சீரமைப்பு நடுவில். 0-வது வினாடியில் Position-க்குப் பக்கத்திலுள்ள ஸ்டாப்வாட்சை அழுத்தி, X மதிப்பை -500 ஆக்குங்கள். எழுத்து முழுக்க வெளியே போய்விடும். 1-வது வினாடியில் X-ஐ 960 ஆக்குங்கள். பயணம் 1460 பிக்சல். லீனியரில் ஒவ்வொரு ஃபிரேமிலும் 58 பிக்சல் போல ஒரே சீராக ஓடி, கடைசி ஃபிரேமில் சுவரில் மோதியதுபோல் நிற்கும். இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்து F9 அழுத்தினால் Easy Ease. இப்போது முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் 7 பிக்சல்கூட நகராது. நடுவழியில் ஃபிரேமுக்கு 87 பிக்சல் வரை வேகம் ஏறும். நகரும் பாதையில் தெரியும் புள்ளிகளைப் பாருங்கள்: சம இடைவெளி என்றால் லீனியர், ஓரங்களில் நெருங்கியிருந்தால் ஈஸ்.

ஆனால் எழுத்து திரைக்கு வெளியிலிருந்து கிளம்புவதால், தொடக்கத்து மெதுவை யாரும் பார்க்கப்போவதில்லை. எழுத்து தாமதமாக நுழைவதுபோல்தான் தெரியும். அதனால் முதல் கீஃபிரேமை லீனியராகவே விட்டுவிட்டு, கடைசியில் மட்டும் Shift+F9 போடுங்கள். வந்து சேரும்போது மட்டும் வேகம் தணியும். இன்னும் மெதுவாகத் தணிய வேண்டுமா? அந்தக் கீஃபிரேமில் Ctrl+Shift+K அழுத்தி, Incoming Velocity பகுதியில் Influence-ஐ 33-லிருந்து 70 வரை ஏற்றிப் பாருங்கள். எந்த எண் சரி என்பது எழுத்துருவையும் பின்னணி இசையையும் பொறுத்தது. பொது விதி எதுவும் என்னால் சொல்ல முடியாது.

ஈஸ் பக்கம் நான் சாய்வதற்கு அழகைவிடப் பெரிய காரணம், பின்னால் வரும் திருத்தம். லீனியரிலேயே மெதுவாக நிற்பதுபோல் காட்ட நினைக்கும் புதியவர்கள், முடிவுக்கு அருகில் 800, 900, 940 என்று இடையிடையே கீஃபிரேம் போட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றிலும் வேகம் சட்டென்று மாறுவதால் சின்னச் சின்னக் குலுக்கல் தெரியும். அது போகட்டும். வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, “எழுத்து ரொம்ப வேகமா வருது, ஒன்றரை வினாடி ஆக்குங்க, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க” என்பார். நேரத்தையாவது எல்லாக் கீஃபிரேமையும் தேர்ந்து Alt பிடித்துக் கடைசியை இழுத்தால் சரிசெய்யலாம். இடம் மாறினால் 800, 900, 940 மூன்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஈஸில் இருப்பவை இரண்டே கீஃபிரேம். கடைசியை ஒன்றரை வினாடிக்கு இழுத்து, X-ஐ மாற்றினால் வேலை முடிந்தது. Influence சதவீதமாக இருப்பதால், நேரம் நீண்டாலும் நிற்கும் விதம் அதே விகிதத்தில் நீளும். புதுச்சேரிப் பக்கம் ஒரே வீடியோவுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைட்டில் கேட்பவர்களுக்கு இது இன்னும் உதவும். அகலம் 1400 ஆனால் தொடக்க X-ஐ மட்டும் -700 ஆக்கினால் போதும். மாற்ற மறந்தால் முதல் ஃபிரேமிலேயே 200 பிக்சல் எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

லீனியருக்கு உரிய இடம், திரையின் அடியில் நிற்காமல் ஓடும் செய்தி வரி. அங்கே வேகம் மாறக்கூடாது.

மூன்றாவதாக ஹோல்ட். டைட்டில் நடுவில் 3 வினாடி நின்றுவிட்டு வலப்பக்கம் வெளியேற வேண்டுமானால், 4-வது வினாடியில் அதே 960-ஐ இன்னொரு கீஃபிரேமாகப் போடுவோம். மதிப்பு ஒன்றேயானாலும், நிற்க வேண்டிய எழுத்து மெல்ல ஊர்ந்து திரும்பி வருவதைப் பார்க்கலாம். Position-இன் பாதையை மென்பொருள் தானாகவே வளைவாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். நிற்கத் தொடங்கும் கீஃபிரேமைத் தேர்ந்து Ctrl+Alt+H அழுத்துங்கள். வரும் பக்கத்து ஈஸ் அப்படியே இருக்கும்; அடுத்த கீஃபிரேம் வரை எழுத்து அசையாது.