‘300 மெகாபிட் வரை’: டே பாஸ் கேப்ஷனை நம்பிப் போய் ஒரு நாளைத் தொலைத்த கதை

கோ-ஒர்க்கிங் இடத்தில் டே பாஸ் எடுத்து வேலை பார்க்க நினைப்பவர்கள், அதிலும் பெரிய ஃபைல்களை ஏற்றி அனுப்ப வேண்டியவர்கள், இதைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள். இடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, இதே வாசகத்தோடு இருக்கும் அடுத்த இடத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் வீடியோ எடிட்டர். சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவன். அன்றைக்கு மாலை 6 மணிக்குள் 14 ஜிபி ஃபைல் ஒன்றை வாடிக்கையாளரின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். முதல் நாள் இரவே வீட்டு இணையம் படுத்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் தேடியபோது அந்த போஸ்ட் கண்ணில் பட்டது. மரமேசை, பச்சைச் செடி, ஜன்னலோர வெளிச்சம். கீழே கேப்ஷன்:

“ஃப்ரீலான்சரா? மாணவரா? ஒரு டே பாஸ் போதும், நாள் முழுக்க இது உங்க இடம்! 300 மெகாபிட் வரை அதிவேக வைஃபை, வசதியான நாற்காலி, வரம்பில்லாத காபி. மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்!”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே.

கேப்ஷனில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மிச்சத்தைப் பார்க்க more என்பதைத் தட்ட வேண்டும். நான் தட்டவில்லை. பிறகு தட்டிப் பார்த்தால், வரிக்கு ஒரு புள்ளியாகப் பத்துப் பன்னிரண்டு வரி, அதற்கும் கீழே ஹேஷ்டேக் குவியல், அந்தக் குவியலின் அடியில்தான் நிபந்தனைகள்: டே பாஸுக்கு ஹாட் டெஸ்க் மட்டும், நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை, மாணவர் சலுகை திங்கள் முதல் வியாழன் வரை, அதுவும் மதியம் 2 மணிக்கு மேல். ‘நாள் முழுக்க’ என்பது எட்டு மணி நேரம். ‘உங்க இடம்’ என்பது காலியாக இருக்கும் ஏதோ ஓர் இடம்.

நான் போனது வெள்ளிக்கிழமை. எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். ரிசப்ஷனில் இருந்த தம்பி, “இன்னிக்கு சலுகை இல்லைங்க, முழுக் கட்டணம்தான்” என்றார். அந்தப் பெண் கேப்ஷனைத் திறந்து காட்ட, தம்பி தானே விரலால் கீழே, இன்னும் கீழே தள்ளி அந்தக் கடைசி வரியைக் காட்டினார். அந்த மாணவி ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் அப்போதே கிளம்பியிருக்கலாம்.

“நெட் வேகம் எப்படி இருக்கும் தம்பி? பெரிய ஃபைல் ஏற்றணும்” என்று கேட்டேன். அவர் தன் போனில் fast.com திறந்து காட்டினார். பெரிய எழுத்தில் 280. திருப்தியாகக் காசு கட்டினேன். இங்கே நான் செய்த தவறு இரண்டு. அந்தத் தளத்தில் பெரிதாகத் தெரிவது இறக்கும் வேகம் மட்டுமே. ஏற்றும் வேகம் வேண்டுமென்றால் Show more info என்பதைத் தட்ட வேண்டும். இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. அவர் போன் இருந்தது ஊழியர்களின் நெட்வொர்க்கில். எனக்குக் கிடைக்கப் போவது வேறு நெட்வொர்க்.

கையில் ஒரு சின்னச் சீட்டு கொடுத்தார். வைஃபை பெயர், அதில் நுழைந்ததும் வரும் பக்கத்தில் போட வேண்டிய கோடு. ஒரு கோடுக்கு ஒரு கருவிதான். லேப்டாப்புக்குப் போட்டால் போனுக்கு இல்லை. கிடைத்த நாற்காலி காபி மெஷினுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு கோப்பைக்கும் அது ஒருமுறை உறுமும். சரி, உட்கார்ந்து பேசவா வந்தோம் என்று 10:05க்கு லாகின் செய்து, 10:20க்கு ஏற்றத் தொடங்கினேன்.

திரையில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை ஊர்ந்தது. ஏற்றும் வேகத்தைச் சோதித்தேன். விநாடிக்கு 5 மெகாபிட்.

கணக்கு இது. 14 ஜிபி என்றால் பைட் கணக்கு. ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே ஏற்ற வேண்டியது சுமார் 1,12,000 மெகாபிட். விநாடிக்கு 5 என்றால் 22,400 விநாடி, அதாவது ஆறேகால் மணி நேரம். ஒன்றும் தடங்கல் இல்லாவிட்டால் மாலை நாலரையைத் தாண்டி முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பியிடம் கேட்டதற்கு, “இன்னிக்குக் கூட்டம் அதிகம் சார், அதான்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரே இணைப்பை எல்லோரும் பங்கு போட்டால் குறையத்தானே செய்யும்? ஆனால் நெரிசலால் வரும் வேகம் அப்படி இருக்காது. ஏறும், இறங்கும், ஒருகணம் 20, அடுத்த கணம் 2 என்று ஆடும். நான் 11 மணிக்குப் பார்த்தேன், 4.9. மதியம் ஒன்றரைக்கு முக்கால்வாசிப் பேர் சாப்பிடப் போய் ஹாலே காலியாக இருந்தபோது பார்த்தேன், அப்போதும் 4.9. கூட்டம் குறைந்தும் வேகம் அசையவில்லை என்றால் அது நெரிசல் இல்லை, யாரோ வைத்த வரம்பு. டே பாஸ்காரர்களின் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து, ஒரு கருவிக்கு இவ்வளவுதான் என்று ரவுட்டரில் கட்டிவைத்திருக்கிறார்கள். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஒருவரே மொத்த இணைப்பையும் விழுங்காமல் இருக்க எல்லா இடத்திலும் செய்கிற ஏற்பாடுதான். அதைச் சொல்லாமல் 300 என்று எழுதுவதுதான் ஏமாற்று.

அதற்குப் பிறகு வந்தது பேரிடி. சரியாக 2:05க்கு இணைப்பு அறுந்தது. திரையில் மறுபடி லாகின் பக்கம். அந்தக் கோடு நாலு மணி நேரத்துக்குத்தான் செல்லுமாம், திரும்பப் போட்டால் திரும்ப நாலு மணி நேரம். போட்டேன். இணையம் வந்துவிட்டது, ஆனால் வாடிக்கையாளரின் தளம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வகை இல்லை. 60 சதவீதத்தில் இருந்தது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இப்போது தொடங்கினால் இரவு எட்டரை ஆகும். ஆறு மணிக்கு என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என் முகத்தைப் பார்த்து எதிரில் உட்கார்ந்திருந்தவர், “என்ன ப்ரோ ஆச்சு?” என்றார். மாதச் சந்தாக்காரர். சொன்னேன். அவர் தன் லேப்டாப்பிலேயே சோதித்துக் காட்டினார். ஏற்றும் வேகம் 90. அதே மேசை, அதே கூரை, அதே காபி மெஷின் உறுமல். “ஹார்ட் டிஸ்க் இருக்கா? கொடுங்க” என்றார். என் ஃபைலை அவர் லேப்டாப்பில் போட்டு, தளத்தில் நான் லாகின் செய்து ஏற்றினோம். கணக்குப்படி 21 நிமிடம், நிஜத்தில் அரைமணிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. அவர் மட்டும் இல்லையென்றால் அந்த வாடிக்கையாளர் எனக்கு இன்று இல்லை. (முடிந்ததும் என் கணக்கிலிருந்து வெளியேறி, பிரௌசரில் சேமித்த கடவுச்சொல் எதுவும் இல்லையே என்று அவரே பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர்.)

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மேனேஜர் மிக மரியாதையாகப் பேசினார். “சார், நாங்க 300 வரைன்னுதானே போட்டிருக்கோம்?” என்றார். ‘வரை’ என்ற சொல்லுக்கு 5ம் அடங்கும் என்பது உண்மைதான். நாலு மணி நேரத்தில் லாகின் அறுந்துபோகும் என்று கேப்ஷனில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஹேஷ்டேக்குக்குக் கீழேயும் அது இல்லை. அதற்குப் பதில் வரவில்லை, இன்னொரு டே பாஸ் இலவசம் என்று கூப்பன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் நான் போவதற்கு முன்னால் அவர்களுடைய மெசேஜில் மூன்று கேள்விதான் அனுப்புகிறேன். டே பாஸ் நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு ஏற்றும் வேகம் எவ்வளவு? லாகின் எத்தனை மணி நேரம் அறாமல் இருக்கும்? நாள் என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? பதில் எழுத்தில் வர வேண்டும், போனில் சொன்னால் நிற்காது. அங்கே போனதும் ஊழியர் போனில் காட்டுவதைப் பார்ப்பதில்லை. “அந்தச் சீட்டை முதலில் கொடுங்கள், என் லேப்டாப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன்” என்கிறேன். நல்ல இடங்கள் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் தயங்கினார்கள், திரும்பி வந்துவிட்டேன். போஸ்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பழைய வரி நமக்குத் தெரியாது.

மின்னஞ்சல், எழுத்து வேலை, படிப்பு என்று போகிறவர்களுக்கு 5 மெகாபிட் தாராளம், வீடியோ காலுக்கும் போதும். அவர்களுக்கு இந்த வரம்பு இருப்பதே தெரியாது. அதனால்தான் அந்த போஸ்டின் கீழே “சூப்பர் இடம்” என்று அத்தனை கமெண்ட். அவர்களும் பொய் சொல்லவில்லை.

நேர்மையாக ஒரு கேப்ஷன் எழுதுவது அவ்வளவு கஷ்டமா என்று மேனேஜருக்கே ஒன்று எழுதி அனுப்பினேன்: “டே பாஸ், காலை 10 முதல் மாலை 6 வரை, காலியாக உள்ள மேசையில். வைஃபை ஒரு கருவிக்கு: ஏற்ற 5 மெகாபிட், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை லாகின். மாணவர்களுக்கு திங்கள் முதல் வியாழன் வரை, 2 மணிக்கு மேல் பாதிக் கட்டணம்.” மூன்றே வாக்கியம். “மார்க்கெட்டிங் டீமிடம் சொல்கிறேன் சார்” என்று பதில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த போஸ்டைத் திறந்து பார்த்தேன். திருத்தியிருந்தார்கள். ‘300 மெகாபிட் வரை*’ என்று ஒரு நட்சத்திரம் முளைத்திருந்தது. அந்த நட்சத்திரத்துக்கான குறிப்பைக் கடைசி ஹேஷ்டேக் வரை தேடினேன். இல்லை.