பழைய கட்டட முகப்பு வரைய டேப்பா, போட்டோவா?

கீழ்த்தளத்துக்கு என் ஓட்டு டேப்புக்குதான். ஆனா ஒவ்வொரு ஜன்னலையும் இடைச்சுவரையும் தனித்தனியா அளந்து கூட்டாதீங்க, ஒரு துண்டுக்கு 5 மி.மீ. ஒரே பக்கமா தப்பினாகூட 11 துண்டுல 55 மி.மீ. போயிடும். டேப்போட பூஜ்யத்தை ஒரு மூலையில பிடிச்சுட்டு அசைக்காம, ஒவ்வொரு விளிம்பு வரும்போதும் ரீடிங்கை மட்டும் சத்தமா சொல்ல, இன்னொருத்தர் ஸ்கெட்ச்ல எழுதிக்கிட்டே வரணும். ஒண்ணு தப்பானாலும் அடுத்தது கெடாது.

மேல்தளம், கார்னிஸ், சுதை வேலைப்பாடு எல்லாம் கை எட்டாது, அங்க போட்டோதான் வழி. சுவருக்கு நேரா நின்னு எடுத்த படத்தை, சுவர்லயே டேப்பால அளந்து வச்ச நாலு புள்ளிய வச்சு நிமிர்த்தி, ஸ்கேலுக்கு கொண்டுவந்து ட்ரேஸ் பண்ணலாம்.

ஆனா நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், அந்த ஸ்கேல் சுவரோட தளத்துக்கு மட்டும்தான் சரி. சுவர்லேர்ந்து 10 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தீங்கன்னு வைங்க, 50 செ.மீ. முன்னாடி துருத்திட்டு நிக்கிற தூண் நிஜத்துல 40 செ.மீ. அகலம்னா படத்துல 42 காட்டும். உள்வாங்கின ஜன்னல் இதுக்கு நேர்மாறா சின்னதா வரும். பாக்க ரெண்டுமே கச்சிதமா இருக்கும், அதான் ஆபத்து.

அதனால நிமிர்த்த பயன்படுத்தாத ஒரு சுவர் நீளத்தையும் ஒரு தூணையும் டேப்பால அளந்து படத்தோட ஒப்பிடுங்க. சுவர் சரியா இருந்து தூண் மட்டும் பெருசுன்னா ஆழத்தால வந்த வித்தியாசம், தூண் அளவை டேப்லேர்ந்தே எடுத்துக்கோங்க. சுவரே தப்புன்னா அந்த நாலு புள்ளிய மறுபடி அளக்கணும்.