விஜயனா, விஜயாவா: பெங்களூரு ஆவணங்களில் கடைசி ‘ன்’

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி கண்ணில் படும். ஒரே ஆள் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் அட்டையில் Srinivasa, ஆதாரில் Srinivasan, வங்கிக் கணக்கில் Srinivas. பி.எஃப். பணம் எடுக்கவோ, வீட்டுக்கு இ-காத்தா என்ற மின்னணுச் சொத்துப் பதிவுச் சான்று வாங்கவோ போகும் வரை இது யாருக்கும் உறுத்துவதில்லை. போன பிறகு, எதை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது என்பதில் வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் வரும்.

அந்த ‘ன்’ எப்படி விழுகிறது என்று முதலில் பார்க்கலாம். தமிழில் அது ஆண்பால் அடையாளம். “னஃகான் ஒற்றே ஆடூஉ அறிசொல்” என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஸ்ரீநிவாச, கிருஷ்ண, விஜய என்று இருக்கும் வடமொழிப் பெயர்கள் தமிழுக்குள் வரும்போது ன் சேர்ந்தே வருகின்றன. கன்னடத்திலும் ன் உண்டு. ஆனால் அங்கே அது வேற்றுமையோடு ஒட்டிக்கொள்ளும்: ‘ராமனு பந்தனு’, ‘ராமன மனெ’, ‘ராமனிகெ’. அதனால் கன்னடம் பேசுபவர் காதுக்குப் பெயர் என்பது ‘ராம’ மட்டும்தான். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா “ராமன்” என்று சொன்னால், எழுதுகிறவர் விகுதியை நீக்கிப் பெயரை எழுதுகிறார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருடைய மொழியின் இலக்கணம் அது. நாமும் கூப்பிடும்போது “விஜயா, இங்கே வா” என்று ன்னை விட்டுவிடுகிறோம். கணக்கெடுக்க வீட்டு வாசலுக்கு வந்தவர் காதில் விழுவது அதுதான். அப்புறம் வேலைக்குப் போன இடத்தில், இந்திப் பழக்கப்படி கடைசி a-வும் போய் Vijay, Srinivas என்று ஆகிவிடுகிறது.

ஆக, போட்டியில் மூன்று வடிவங்கள். இவற்றில் Srinivas, Vijay என்ற குட்டை வடிவத்தை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். பெரும்பாலும் அது வங்கி, சம்பளச் சீட்டு மாதிரி எளிதில் மாற்றக்கூடிய இடங்களில்தான் இருக்கும். அதைக் காப்பாற்றப் போய் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவது வீண் வேலை. மீதி இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி.

எது சரியான தமிழ் என்று கேட்டால் ன் உள்ளதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆவண விஷயத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: எந்தத் தாளை மாற்றுவது மிகக் கடினம்? பான் அட்டையில் திருத்தப் படிவம் போட்டால் போதும், பான் எண் மாறாது. வங்கிக் கிளையில் ஆதாரும் பானும் காட்டினால் முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. அப்படி இல்லை. படித்த பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு சான்றாக வேண்டும். அந்தப் பதிவேட்டிலேயே Srinivasa என்று இருந்தால், எழுத்துப் பிழை என்று நிரூபிக்க வழியில்லை. அதைவிடச் சிக்கல் கிரயப் பத்திரம். திருத்தல் பத்திரம் எழுத, விற்றவரும் வாங்கியவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். விற்றவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும்.

நான் உட்கார்ந்து தாள்களைப் பிரித்துப் பார்த்த ஒரு வீட்டில் அண்ணன் ஸ்ரீனிவாசன், தம்பி விஜயன். இருவருக்கும் எஸ்.எஸ்.எல்.சி.யில் ன் இல்லை, ஆதாரிலும் பானிலும் இருக்கிறது. பார்த்தால் ஒரே பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால் இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒன்றல்ல.

அண்ணன் பேரில் வீட்டுக் கிரயப் பத்திரமும் இருக்கிறது, அதிலும் Srinivasa. இ-காத்தாவுக்கு உரிமையாளர் ஆதார் வழியாகத் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் அங்கே நிற்கும். மாற்றக் கடினமான இரண்டு தாள்களும் ஒரே பக்கம் நிற்கும்போது, ஆதாரை Srinivasa ஆக்குவதுதான் சுலபம். ஸ்ரீநிவாச என்பது ன் இல்லாமலும் ஆண் பெயராகவே நிற்கும், யாரும் குழம்ப மாட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது அவருக்கு, எனக்கும்தான். ஆனாலும் இதைத்தான் சொன்னேன்.

தம்பி கதை வேறு. Vijaya என்று ஆங்கிலத்தில் எழுதினால் பலரும் அதைப் பெண் பெயராகவே படிப்பார்கள். பல இடங்களில் தலைப்பில் ‘திருமதி’ வந்து விழும், பாலினம் பற்றிக் கேள்வி வரும். சந்திரன் Chandra ஆனாலும் இதே ஆபத்து. இவர் பேரில் சொத்துப் பத்திரமும் இல்லை. ஆகவே Vijayan-ஐ விடக் கூடாது. முரண்படுவது எஸ்.எஸ்.எல்.சி. மட்டும்தான். அதற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் மனிதர் படித்துப் பார்க்கும் பல இடங்களில் போதும். கணினியே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இடத்தில் அது உதவாது. அப்படி ஒரு தேவை வந்தால் நாளிதழ் விளம்பரமும் அரசிதழ் அறிவிப்பும் கொண்ட பெயர் மாற்ற வழிக்குப் போகலாம். இப்போதே அதில் இறங்க வேண்டியதில்லை.

எந்த வடிவம் என்று முடிவான பிறகு வரிசை முக்கியம். ஆதார் முதலில். காரணம், பான் திருத்தத்துக்கு ஆதாரே சான்றாகும், பி.எஃப். கணக்கும் ஆதார்ப் பெயரோடுதான் பொருந்த வேண்டும். பானுக்கு அப்புறம் வங்கி, கடைசியில் பி.எஃப். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகே மையத்துக்குப் போங்கள். புதிய வடிவத்தில் பெயர் உள்ள, அவர்கள் ஏற்கும் சான்று ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

மையத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெங்களூரு ஆதாரில் ஆங்கில வரியோடு கன்னட வரியும் அச்சாகும். ஆங்கிலத்தில் அடிப்பதைக் கணினி தானே கன்னடத்துக்கு மாற்றிக் காட்டும். Vijayan என்று அடித்தால் கடைசி எழுத்து ‘ன்’ ஆக, புள்ளிக்குச் சமமான குறியோடு வர வேண்டும். அந்தக் குறி விட்டுப்போய் ‘விஜயன’ என்று நின்றால், கன்னடத்தில் அதற்கு ‘விஜயனுடைய’ என்று பொருள். அடுத்து அதைப் படித்து வேறொரு தாளில் ஏற்றுகிறவர், நியாயமாகவே, ‘விஜய’ என்று எழுதுவார். மறுபடி ன் போய்விடும். ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் கன்னடம் தெரிந்த ஒருவரிடம் அந்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கேயே திருத்தித் தருவார்கள்.

இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், ன் போட்டே வையுங்கள். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரைச் சேர்க்க, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லை. ஆனால் மருத்துவமனைப் படிவத்தில் அப்பா பெயரும் கேட்பார்கள். அதை வாயால் சொல்லாமல் அப்பாவின் ஆதாரைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் அந்தச் சான்றைத்தான் கேட்பார்கள், அதில் இருப்பதுதான் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும்.